'வாங்க மறுத்துவிட்டார்' என்று நான் பதிந்த ஒரு பார்சல்

பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் சேர்ந்து நாலாவது மாதம். அன்று என் பையில் இருந்த 46 பார்சல்களில் ஒன்று சின்ன ஸ்பீக்கர் பெட்டி. பணம் முன்கூட்டியே கட்டியது. விலை கூடிய பொருள் என்பதால் ஓடிபி கேட்டு வாங்கினால்தான் டெலிவரி முடியும் என்று செயலியில் குறி போட்டிருந்தது. காலை 11.40க்குப் போய்ச் சேர்ந்தேன். கதவைத் திறந்தவர் ஒரு வயதான அம்மா. ஆர்டர் போட்டது வேறு ஊரில் இருக்கும் மகன். லேபிளில் இருந்த பெயரும் அவருடையது, எண்ணும் அவருடையது. ஓடிபி அவருடைய போனுக்குப் போயிருக்கிறது. அவர் வேலையில் இருந்தார், எடுக்கவில்லை.

"நீ வச்சுட்டுப் போ தம்பி, நான் அவன்கிட்ட சொல்லிக்கிறேன்" என்றார் அம்மா. வைத்துவிட்டுப் போக முடியாது. ஆறு நிமிடம் நின்றேன். இன்னும் முப்பதுக்கு மேல் பார்சல் பாக்கி. தோல்விக்குக் காரணம் கேட்ட பட்டியலில் கதவு பூட்டியிருந்தது, வேறு நாள் கேட்டார், வாங்க மறுத்தார், முகவரி தவறு, பணம் தயாராக இல்லை என்று வரிசையாக இருந்தன. 'ஓடிபி கிடைக்கவில்லை' என்பது கடைசியில் 'மற்றவை' என்பதற்குள் ஒளிந்திருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தால் குறிப்பு எழுத வேண்டும், படமும் எடுக்க வேண்டும். நான் 'வேறு நாள் கேட்டார்' என்று அழுத்திவிட்டு நகர்ந்தேன்.

மறுநாள் 12 மணி வாக்கில் மறுபடி போனேன். அம்மா ஒரு தாளை நீட்டினார். மகன் இரவு போனில் சொன்ன எண்ணை அழகாக எழுதி வைத்திருந்தார். அது முந்தைய நாளின் எண். எங்கள் நிறுவனத்தில் காலையில் ரன்ஷீட், அதாவது ஒருவர் அன்று கொண்டுபோக வேண்டிய பார்சல்களின் பட்டியல், போடும்போதே அன்றைக்கான புது எண் உருவாகிவிடும், பழையது செத்துவிடும். அது எனக்கும் அப்போது தெரியாது. ஒரு தடவை போட்டேன், தவறு என்றது. கண் பிசகியிருக்கும் என்று இன்னொரு தடவை. மூன்றாவது தடவைக்குப் பிறகு செயலி பூட்டிக்கொண்டது. அதற்கு மேல் அன்றைக்கு அந்தப் பார்சலில் ஓடிபி போடவே முடியாது. எரிச்சலில் 'வாங்க மறுத்துவிட்டார்' என்று அழுத்தினேன். அந்தக் காரணத்துக்குக் குறிப்பும் கேட்கவில்லை, படமும் கேட்கவில்லை.

அந்த ஒரு அழுத்தலுக்குப் பிறகு என்ன ஆனது என்பதை ஒரு வாரம் கழித்து எங்கள் ஹப் பொறுப்பாளர் அக்கா என்னை உட்கார வைத்துக் காட்டினார். திட்டவில்லை. விற்றவருக்குத் தெரியும் பக்கத்தைத் திறந்து, "நீ எழுதினதை அவங்க இடத்துல இருந்து படி" என்றார். அதில் இரண்டே வரிகள். முதல் நாள் 11.46, வேறு நாள் கேட்டார். இரண்டாம் நாள் 12.09, வாங்க மறுத்துவிட்டார். மற்றக் காரணங்களுக்கு மூன்று முயற்சி உண்டு. மறுப்பு என்று பதிந்தால் மூன்றாவது கிடையாது, பார்சல் நேராக ஆர்டிஓ ஆகிவிடும், அதாவது விற்றவருக்கே திரும்பும். விற்றவர் அதை நம்பி, பணம் கட்டியும் வேண்டாம் என்ற வாடிக்கையாளர் என்று நினைத்திருக்கிறார். மகனோ தன் அம்மா இரண்டு நாள் வாசலில் காத்திருந்ததை அறிந்தவர். விற்றவர்தான் பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு கதை சொல்கிறார் என்று நினைத்திருக்கிறார். இருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள். நடுவில் பொய்யாக இருந்தது என் பதிவு மட்டும்.

பின்னாளில் அதே ஹப்பில், தோல்வியான முயற்சிகளையும் திரும்பும் பார்சல்களையும் பார்க்கும் மேசைக்கு நான் வந்தேன். அங்கே உட்கார்ந்து படித்த பதிவுகளும், வெயிலில் நின்று நானே போட்ட பதிவுகளும் சேர்ந்து கற்றுக் கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பார்சல் கொடுப்பவர், வாங்குபவர், விற்பவர் மூவருக்கும் இதில் பங்கு இருக்கிறது.

முதலில் ஓடிபி. அது எதை நிரூபிக்கிறது என்பதில் தெளிவு வேண்டும். அந்தப் பார்சலுக்கென்று அனுப்பிய எண்ணை, அந்தப் போனைப் பார்க்க முடிந்த ஒருவர், அந்த நேரத்தில் சொன்னார் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். பெட்டி கைமாறியதா, பெட்டிக்குள் சரியான பொருள் இருந்ததா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஆனால் தகராறு வரும்போது எல்லோரும் அதை 'பொருள் கையில் கிடைத்தது' என்றுதான் படிப்பார்கள். அதனால் எண்ணை எந்த நொடியில் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நேரத்தை மிச்சப்படுத்த சிலர் காலையிலேயே வரிசையாக எல்லோருக்கும் போன் போட்டு எண்ணை வாங்கி எழுதி வைத்துக்கொள்வார்கள். அடுக்குமாடி வாசலில் நின்று பத்து எண்ணை ஒரே மூச்சில் போட்டுவிட்டு, பெட்டிகளைக் காவலாளியிடம் அடுக்கிவிட்டுக் கிளம்புவார்கள். நானும் சில வாரம் அப்படிச் செய்திருக்கிறேன். பத்தில் ஒரு பெட்டி காணாமல் போகும் நாளில்தான் அதன் விலை தெரியும். வாங்குபவர் எண்ணைக் கொடுத்துவிட்டார், அதனால் அவர் பேச்சு எடுபடாது. பார்சல் கொண்டுபோனவர் கதவு வரை போகவே இல்லை, அதனால் அவராலும் நடந்ததைத் திறந்து சொல்ல முடியாது. நான் பிறகு கடைப்பிடித்த வரிசை இதுதான்: லேபிளில் உள்ள பெயரைப் படித்துச் சொல்வேன், பெட்டியைக் கையில் கொடுப்பேன், அவர் திருப்பிப் பார்த்து நசுங்கல் இல்லை என்ற பிறகு எண்ணைக் கேட்பேன். ஒரு பார்சலுக்குக் கூடுதலாக அரை நிமிடம் ஆகும்.

வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வந்த எண்ணை மட்டும் பார்க்காமல், அது வந்த செய்தியை முழுக்கப் படியுங்கள். எங்கள் நிறுவனம் பிற்பாடு, மறுப்பு என்று பதிவதற்கும் ஓடிபி வேண்டும் என்று மாற்றியது. என்னைப் போல் யாரும் சும்மா அழுத்திவிடக் கூடாது என்பதற்காக வந்த நல்ல மாற்றம். ஆனால் டெலிவரிக்கான எண்ணும் ரத்துக்கான எண்ணும் ஒரே அனுப்புநரிடமிருந்து, ஒரே மாதிரி வரும். 'ரத்தை உறுதி செய்ய' என்று செய்தியில் எழுதியிருக்கும். அவசரத்தில் எண்ணை மட்டும் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். பார்சல் வீட்டுக்கு வராமலேயே யாராவது போனில் எண் கேட்டால் சொல்லவே வேண்டாம். பார்சல் பெயரைச் சொல்லி வங்கி ஓடிபியைக் கறக்கும் கூட்டமும் இருக்கிறது. வங்கியின் செய்தியில் பெரும்பாலும் தொகையோ கணக்கின் கடைசி எண்களோ இருக்கும், பார்சல் எண் இருக்காது. செய்தியை முழுதாகப் படிப்பவர் இந்த இரண்டு வலையிலும் விழமாட்டார்.

சரியான எண்ணையே போட்டும் தவறு என்று வரும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. இது புதியவர்களை மிகவும் குழப்பும். சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை நடக்க வேண்டும் என்பதற்காக எங்கள் செயலி, காலையில் ரன்ஷீட் இறங்கும்போதே அன்றைய எண்களைச் சரிபார்ப்பதற்கான மறைகுறியைப் போனுக்குள் வைத்துக்கொள்ளும். நடுவில் வாடிக்கையாளர் 'மறுபடி அனுப்பு' என்று கேட்டுப் புது எண் வாங்கினால், சர்வருக்கு அது தெரியும். சிக்னல் இல்லாத என் போனுக்குத் தெரியாது. அவர் புது எண்ணைச் சொல்வார், என் போன் பழையதோடு ஒப்பிட்டுத் தவறு என்னும். மூன்று தடவை அடித்தால் பூட்டிக்கொள்ளும். அதனால் முதல் தடவை தவறு என்று வந்ததுமே கையை எடுத்துவிட வேண்டும். செயலியில் கடைசியாக எப்போது சர்வரோடு பேசியது என்று நேரம் காட்டும், அதைப் பார்க்க வேண்டும். சிக்னல் உள்ள இடத்துக்கு நகர்ந்து புதுப்பித்த பிறகு, செய்தி இன்றைய தேதியில் வந்ததா என்று கேட்டுவிட்டு இரண்டாவது தடவை போட வேண்டும். அன்று அந்த அம்மா தாளை நீட்டியபோது "இது எப்ப வந்த நம்பர்ம்மா?" என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், மகனுக்கு இன்னொரு போன் போட்டு அங்கேயே முடித்திருக்கலாம்.

விலை குறைந்த பார்சல்களுக்கு ஓடிபி இல்லை, படம் போதும். படத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒன்று கிட்டத்தில், லேபிளில் உள்ள பார்சல் எண் படிக்கும்படி. இன்னொன்று நாலு அடி தள்ளி, பெட்டியும் கதவு எண்ணும் ஒரே படத்தில் வரும்படி. தரையும் செருப்பும் மட்டும் தெரியும் படம் எந்த வீட்டுக்கும் பொருந்தும், அதனால் எந்த வீட்டுக்கும் சாட்சி ஆகாது. வாங்குபவரின் முகம் படத்தில் வர வேண்டிய அவசியமே இல்லை. லேபிளில் போன் எண் முழுதாக அச்சாகியிருந்தால் விரலால் மறைத்துக்கொள்வது நாகரிகம். செயலியின் கேமராவில்தான் எடுக்க வேண்டும். தனியாக எடுத்து வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால், எடுத்த நேரம், இடம் பற்றிய உள்விவரம் நீங்கிவிடும். பிறகு அது வெறும் படம்.

படத்தின் நேரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு முறை நான் 1.15க்கு எடுத்த படம், சிக்னல் கிடைத்து 4.40க்குத்தான் மேலே ஏறியது. வாடிக்கையாளருக்கு '4.40க்குக் கொடுக்கப்பட்டது' என்று செய்தி போனது. அவர் வீட்டுக் கேமராவில் 4.40க்கு யாரும் இல்லை. அவர் கோபப்பட்டதில் தவறே இல்லை. எடுத்த நேரம், ஏறிய நேரம் இரண்டும் தனித்தனியாகப் பதிவில் இருந்ததால் தப்பினேன். மேசையில் உட்கார்ந்த பிறகு, எந்தப் புகார் வந்தாலும் இந்த இரண்டையும்தான் முதலில் பார்ப்பேன். இடக்குறியையும் அப்படியே நிதானமாகப் படிக்க வேண்டும். திறந்த வெளியில் போனின் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் வரை சரியாகச் சொல்லும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே அது பல மீட்டர் தள்ளிப்போய்ப் பக்கத்துத் தெருவைக்கூடக் காட்டும். முப்பது மீட்டர் விலகலை வைத்து ஒருவரைப் பொய்யர் என்று சொல்லக் கூடாது. மூன்று கிலோமீட்டர் என்றால் கேட்கத்தான் வேண்டும்.

இப்போது தோல்வியான முயற்சிகள். இந்த வேலையில் எனக்கு மிகவும் அக்கறையான பகுதி இதுதான். கொடுத்து முடித்த பார்சலுக்கு ஓடிபியோ படமோ ஏதாவது ஒன்று சாட்சி இருக்கும். கொடுக்க முடியாததற்கு நாம் அழுத்தும் ஒரு காரணம் மட்டுமே சாட்சி.

மேசையில் முதல் மாதம் நான் கண்ட ஒரு பதிவு: ஒரே ஆளின் பெயரில் ஒன்பது தோல்விகள், எல்லாம் மாலை 7.50க்கும் 7.54க்கும் நடுவில், எல்லாம் 'கதவு பூட்டியிருந்தது', எல்லாம் ஹப்பின் இடக்குறியில். ஒன்பது வீட்டுக்கு நாலு நிமிடத்தில் யாரும் போய்வர முடியாது. அந்தத் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "லோடு ஜாஸ்திண்ணா, முடிக்க முடியல. 'போகவில்லை'ன்னு போட்டா என் கணக்குல மைனஸ் விழுது" என்றான். அவனைச் சொல்லி என்ன? 'போகவில்லை' என்ற உண்மைக்குத் தண்டனையும் 'பூட்டியிருந்தது' என்ற பொய்க்கு மன்னிப்பும் வைத்தால் எல்லோரும் பொய்யைத்தான் பதிவார்கள். மாலை 5 மணிக்குள் சொல்லிவிட்டால் 'போகவில்லை' என்பதைக் கணக்கில் கழிக்க வேண்டாம் என்று மேலே பேசி ஒப்புக்கொள்ள வைத்தேன். அதற்குப் பிறகு அந்த 7.50 கூட்டம் மெல்ல மெல்லக் கலைந்தது.

'போகவில்லை' என்பதையும் 'போய் முடியவில்லை' என்பதையும் பிரித்துப் பதிவது வெறும் நேர்மைக்காக மட்டும் இல்லை. எங்களிடம் ஒரு பார்சலுக்கு மூன்று முயற்சிதான். போகாத நாளை முயற்சியாகப் பதிந்தால் வாங்குபவரின் மூன்றில் ஒன்று கரைந்துவிடுகிறது. மூன்றும் கரைந்தால் பார்சல் திரும்பும், போன கட்டணமும் வந்த கட்டணமும் விற்றவர் தலையில் விழும். அவர் செய்த தவறு அதில் எதுவும் இல்லை.

போன் போட்டதையும் முயற்சியாகக் காட்ட வேண்டுமென்றால், செயலி வழியாகப் போட வேண்டும். அப்போதுதான் எத்தனை நொடி ஒலித்தது என்பது பதிவாகும். சொந்த எண்ணிலிருந்து பத்து தடவை கூப்பிட்டாலும் பதிவில் அது பூஜ்யம். மூன்று நொடி ஒலித்து வெட்டிய அழைப்பைப் பார்த்ததும், இது கணக்குக்காகப் போட்டது என்று எந்த மேசைக்காரருக்கும் தெரிந்துவிடும். முழுதாக ஒலிக்க விட்டு, சில நிமிடம் கழித்து இன்னொரு தடவை போட்டால், வாடிக்கையாளர் எடுக்காவிட்டாலும் பதிவு உங்கள் பக்கம் நிற்கும்.

காரணத்தோடு எழுதும் குறிப்புதான் அடுத்து போகிறவருக்கு வழிகாட்டி. 'வாடிக்கையாளர் இல்லை' என்ற குறிப்பு யாருக்கும் உதவாது. பதிவை அங்கே இல்லாத ஒருவர் படிக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு மூன்று விஷயம் எழுதச் சொல்வேன்: கண்ணால் என்ன பார்த்தாய், யார் என்ன சொன்னார், அடுத்த தடவை என்ன இருந்தால் முடியும். அந்த ஸ்பீக்கர் பார்சலுக்கு முதல் நாள் நான் எழுதியிருக்க வேண்டியது இப்படி:

"வாங்குபவரின் தாயார் வீட்டில் இருந்தார், வாங்கத் தயார். ஓடிபி வெளியூரில் உள்ள மகன் போனுக்குப் போகிறது. இரண்டு தடவை அழைத்தேன், எடுக்கவில்லை. நாளை கிளம்பும் முன் மகனிடம் பேசி, அன்றைய ஓடிபியைத் தாயாருக்குச் சொல்லச் சொல்ல வேண்டும்."

தட்டச்சு செய்ய ஒரு நிமிடம் ஆகியிருக்கும். இதைப் பார்த்திருந்தால் விற்றவர் அன்று மாலையே மகனை அழைத்திருப்பார். தோல்வி பதிவானதும் விற்றவருக்கு என்டிஆர் என்று ஒரு அறிவிப்பு போகும்: மறுபடி முயலட்டுமா, எண்ணையோ முகவரியையோ திருத்துகிறீர்களா, திருப்பி அனுப்பட்டுமா என்று கேட்கும். பதில் சொல்லக் கொடுக்கும் அவகாசம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், நீளமாக இருக்காது. விற்பவர்களிடம் நான் சொல்வது, அந்தப் பக்கத்தைத் தினமும் ஒரே நேரத்தில் திறந்து பார்த்துவிடுங்கள் என்பதுதான். பதில் வராத பார்சல் தானாகவே திரும்பும் பாதைக்குப் போய்விடும். 'மறுபடி முயலவும்' என்று மட்டும் அழுத்தினால் அதே வீட்டுக்கு, அதே நேரத்துக்கு, அதே குறையோடு மறுபடி போய் நிற்போம். வாடிக்கையாளரிடம் பேசி, மாற்று எண்ணோ நேரமோ வாங்கி, அதைக் குறிப்பில் சேர்த்தால்தான் அடுத்த முயற்சிக்கு அர்த்தம் வரும். பரிசாக அனுப்பும் ஆர்டர் என்றால், வாங்குபவரின் எண் என்ற இடத்தில் பார்சலைக் கையில் வாங்கப் போகிறவரின் எண்ணை ஆர்டர் போடும்போதே கொடுக்கச் சொல்லுங்கள். தொல்லை அங்கேயே பாதி தீர்ந்துவிடும்.

சரி, திரும்பிப் போன அந்த ஸ்பீக்கர் பெட்டிக்கு வருகிறேன். அதன் கதை ஆர்டிஓவோடு முடியவில்லை. பதினோரு நாள் கழித்து அது விற்றவர் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. அதோடு சேர்த்து அன்று திரும்பிய பார்சல்கள் மொத்தம் 41. திரும்புவதைப் பெற்றுக்கொள்ளவும் ஓடிபி உண்டு, ஆனால் பார்சலுக்கு ஒன்று இல்லை; மொத்தக் கட்டுக்கும் சேர்த்து ஒன்று. கொண்டுபோனவர் மூட்டையை இறக்கிவிட்டு எண்ணைக் கேட்டிருக்கிறார், கடை அக்கா கொடுத்துவிட்டார். மாலையில் எண்ணிப் பார்த்தால் 40 இருந்தது. ஸ்பீக்கர் பெட்டியின் ஒரு மூலை நசுங்கி, உள்ளே வலை கிழிந்திருந்தது. இழப்பீடு கேட்டபோது வந்த பதில்: 41ம் எந்தக் குறையும் இல்லாமல் பெற்றுக்கொண்டதாக ஓடிபி மூலம் உறுதி செய்யப்பட்டுள்ளது.

அந்த அக்காவை நான் பின்னாளில் நேரில் சந்தித்தேன். அவரோடு உட்கார்ந்து ஒரு முறையை வகுத்தோம். இன்றும் யார் கேட்டாலும் அதையே சொல்கிறேன். மூட்டை வந்ததும் முதலில் மூட்டையின் சீல் எண்ணைப் பட்டியலில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும், அறுந்திருந்தால் திறப்பதற்கு முன்பே படம் எடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பார்சலாக ஸ்கேன் செய்து ஒரு பக்கம் அடுக்க வேண்டும். கொண்டுவந்தவர் அவசரப்படுத்துவார், அவருக்கும் அடுத்த கடை இருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து செய்தால் நாற்பது பார்சல் பத்து, பதினைந்து நிமிடத்தில் முடியும். நசுங்கியது, ஈரமானது, டேப் மாறியது, லேபிள் கிழிந்தது என்று தெரிபவற்றைத் தனியே வைத்து, கொண்டுவந்தவர் எதிரிலேயே படம் எடுத்து, அந்தப் பார்சல் எண்ணுக்கு நேராகக் குறையை எழுத வேண்டும். பட்டியலில் இருந்தும் கைக்கு வராததை 'வரவில்லை' என்று அடிக்கச் சொல்ல வேண்டும். பட்டியலில் இருக்கும் எண்ணிக்கையும் கையில் இருக்கும் எண்ணிக்கையும் ஒன்றான பிறகுதான் ஓடிபி. செயலியில் குறை எழுத இடமே இல்லை என்றால், தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, அந்தத் தாளைப் படம் எடுத்து அன்றைக்கே நிறுவனத்துக்கு அனுப்பிவிட வேண்டும். நாள் கடந்தால் குறை யார் கையில் நடந்தது என்பதற்குச் சாட்சி கிடையாது.

பெட்டியைப் பிரிப்பதை வெட்டில்லாமல் ஒரே வீடியோவாக எடுப்பதும் அந்த முறையில் உண்டு. லேபிளில் தொடங்கி, ஆறு பக்கமும் காட்டி, டேப்பை அறுத்து, உள்ளே இருப்பதையும் அதன் வரிசை எண்ணையும் காட்ட வேண்டும். நடுவில் நிறுத்தி எடுத்த வீடியோவை யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

எடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பலர் ஏமாறுவது இங்கேதான். பெட்டிக்குள் பொருள் மாறியிருக்கிறதா என்று பார்க்க, போன எடையையும் வந்த எடையையும் ஒப்பிடுவார்கள். நல்ல வழிதான், ஆனால் பில்லில் இருக்கும் எடையை எடுத்து ஒப்பிடக் கூடாது. கூரியர் கட்டணத்தில் பெட்டியின் கன அளவை வைத்தும் ஒரு எடை போடுவார்கள். சென்டிமீட்டரில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 5000ஆல் வகுப்பது பரவலான கணக்கு. ஸ்பீக்கர் பெட்டி 24, 18, 10 சென்டிமீட்டர். பெருக்கினால் 4320, வகுத்தால் 0.864 கிலோ. தராசில் அது 640 கிராம்தான். எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம், ஆகவே பில்லில் 864 கிராம் என்றே இருக்கும். உள்ளே ஸ்பீக்கருக்குப் பதில் ஒரு கட்டுக் காகிதம் வைத்துத் திரும்பியிருந்தாலும் பில்லில் அதே 864 கிராம்தான் வரும், பெட்டியின் அளவு மாறவில்லையே. அதனால் அனுப்பும்போதே கடைத் தராசில் வைத்து, எடையும் லேபிளும் தெரிய ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். திரும்பி வந்ததும் பிரிப்பதற்கு முன் அதே தராசில் வைக்க வேண்டும். ஈரத்தாலோ கூடுதல் டேப்பாலோ சில கிராம் கூடக் குறைய இருக்கும். நூறு கிராம் குறைந்தால் வீடியோவை ஓட விட்டுவிட்டுத்தான் கத்தியை எடுக்க வேண்டும்.

கடை அக்காவுக்கு அந்த ஸ்பீக்கரின் பணம் திரும்பக் கிடைக்கவே இல்லை. காணாமல் போன ஒன்று மட்டும் இன்னொரு கடையின் கட்டில் கிடந்து மூன்று வாரம் கழித்து வந்தது. என் பதிவைத் திருத்தி, மறுப்பு நடக்கவில்லை, ஓடிபி பிரச்சினைதான் என்று எழுத்தில் கொடுத்தோம். வாடிக்கையாளர் பெயருக்கு எதிரே அவர் போட்டிருந்த சிவப்புக் குறியை எடுக்க அது உதவியது.

சில மாதம் கழித்து அதே வீட்டு முகவரி என் ரன்ஷீட்டில் மறுபடி வந்தது, அதே கடையிலிருந்து. குறிப்பில் 'தாயார் வாங்குவார், கிளம்பும் முன் மகனை அழைக்கவும்' என்று இருந்தது. அழைத்தேன், எடுத்தார், "இன்னைக்கு வந்த நம்பர்தான் அம்மாகிட்ட சொல்லியிருக்கேன்" என்றார். அம்மா தாளோடு வாசலிலேயே நின்றார். என்னைப் பார்த்ததும் எண்ணைப் படிக்க ஆரம்பித்தார்.

"முதல்ல பெட்டியைக் கையில வாங்கிக்கங்கம்மா," என்றேன், "அப்புறம் சொல்லுங்க."